ஓர் ஆண்டு ஆயுளுக்கு எத்தனை பவுண்டு?

மனித உடலின் மிகப் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி, இதயத்தில் தொடங்கி முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. வயதான சில ஆண்களுக்கு, அதிலும் புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு, வயிற்றுப் பகுதியில் அதன் சுவர் தளர்ந்து மெல்ல உப்பத் தொடங்கும். வலி இருக்காது, அறிகுறி எதுவும் தெரியாது. ஒருநாள் அது வெடித்தால், அவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆனால் வெடிப்பதற்கு முன் இந்த வீக்கத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வயிற்றில் சில நிமிட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால் போதும்.

அப்படியானால் வயதான ஆண்கள் எல்லோரையும் அழைத்து ஸ்கேன் எடுத்துவிடலாமே? இந்தக் கேள்விக்கு விடை காண, பிரிட்டனில் 'மாஸ்' என்ற ஆய்வு 1997இல் தொடங்கியது. போர்ட்ஸ்மத், சவுத்தாம்ப்டன், வின்செஸ்டர், ஆக்ஸ்போர்டு ஆகிய நான்கு இடங்களில் 65 முதல் 74 வயது வரையிலான ஆண்கள் ஏறக்குறைய 67,800 பேர் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவில் இருந்த 33,839 பேருக்கு ஸ்கேன் எடுக்க வரும்படி கடிதம் போனது. மற்றப் பிரிவுக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடிதம் போன பிரிவில் இந்த வீக்கத்தால் இறந்தவர்கள் 65 பேர், போகாத பிரிவில் 113 பேர்.

மருத்துவர்களுக்கு இது தெளிவான வெற்றி. தேசிய சுகாதார சேவைக்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கு அது மட்டும் போதாது. அதே பணத்தில் வேறு நோயாளிகளுக்கும் ஏதாவது செய்ய முடியும் என்பதால், இந்தத் திட்டம் தரும் ஒவ்வோர் ஆண்டு ஆயுளுக்கும் என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாஸ் குழு அந்தக் கணக்கை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. ஒரு சுகாதாரத் திட்டத்தின் பொருளாதாரக் கணக்கை எப்படி எழுத வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

செலவுப் பக்கத்தை முதலில் பார்க்கலாம். ஒருவரை அழைக்க ஆகும் செலவு ஒரு பவுண்டு சொச்சம், முதல் ஸ்கேனுக்குச் சுமார் 19 பவுண்டு. அழைக்கப்பட்டவர்களில் 27,147 பேர் வந்தார்கள். ஆக, ஸ்கேனுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பவுண்டு. பெரும் செலவு ஸ்கேனில் இல்லை. வந்தவர்களில் 1,333 பேருக்கு வீக்கம் இருப்பது தெரிந்தது. அது 5.5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். அதனால் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் அழைக்கப்பட்ட பிரிவில் 322, மற்றப் பிரிவில் வெறும் 92. ஒரு அறுவைக்குச் சுமார் 6,900 பவுண்டு. கூடுதலாக நடந்த 230 அறுவைகளுக்கு மட்டும் 16 லட்சம் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகிவிடுகிறது.

மறுபக்கம் மிச்சமும் உண்டு. வெடித்த பிறகு செய்யும் அவசர அறுவை ஒவ்வொன்றுக்கும் சுமார் 11,200 பவுண்டு ஆகும். அது மற்றப் பிரிவில் 54 பேருக்கு நடந்தது, அழைக்கப்பட்ட பிரிவில் 27 பேருக்குத்தான். இதில் மூன்று லட்சம் பவுண்டு மிச்சம். வீக்கம் கண்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்த ஸ்கேன்களையும் மருத்துவர் ஆலோசனைகளையும் சேர்த்து, மிச்சத்தைக் கழித்தால், நிகரமாக 22 லட்சம் பவுண்டு கூடுதல் செலவு. இறப்பாலும் கண்காணிப்புக் காலத்தின் வேறுபாட்டாலும் வரும் இடைவெளிகளைச் சரிசெய்த பிறகு, தலைக்கு 63 பவுண்டு 39 பென்ஸ்.

இனி பயன். அழைக்கப்பட்ட 33,839 பேரில் மிகப் பெரும்பாலோருக்கு வீக்கமே இல்லை. ஆகவே காப்பாற்றப்பட்ட சிலரின் ஆயுளை எல்லோருக்கும் பங்கிட்டுப் பார்த்தால் ஆளுக்குக் கிடைப்பது மிகச் சிறியது. இரண்டு சிகிச்சை முறைகளின் செலவு வித்தியாசத்தை அவற்றின் பயன் வித்தியாசத்தால் வகுத்தால் வருவதுதான் கூடுதல் செலவு-பயன் விகிதம். இத்துறையினர் ஐ.சி.இ.ஆர். என்பார்கள். மாஸ் ஆய்வில் நான்கு ஆண்டுக் கணக்கில் அது 28,400 பவுண்டு. அதாவது, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வோர் ஆண்டு ஆயுளுக்கும் 28,400 பவுண்டு.

இந்த எண்ணைத்தான் செய்தித்தாள்கள் தலைப்பில் போடும். ஆனால் ஆய்வுக் குழு அதைத் தனியாக விடவில்லை. பக்கத்திலேயே 95 சதவீத நம்பக இடைவெளியையும் எழுதியது: 15,000 முதல் 1,46,000 பவுண்டு வரை.

முதன்முறை பார்ப்பவருக்கு இது திகைப்பாக இருக்கும். கீழ் எல்லை மைய எண்ணின் பாதி, மேல் எல்லையோ அதன் ஐந்து மடங்கு. அறுபத்தேழாயிரம் பேரை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தும் விடை இவ்வளவு தளர்வாக வருமா? செலவில் சந்தேகம் அதிகம் இல்லை. தலைக்கு 63 பவுண்டு என்ற எண்ணின் இடைவெளி 53 முதல் 73 வரைதான். தளர்ச்சி வருவது வகுக்கும் எண்ணிலிருந்து.

அதை மணிக்கணக்கில் மாற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். 63.39ஐ 28,400ஆல் வகுத்தால், அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சராசரியாகக் கிடைத்த ஆயுள் 0.0022 ஆண்டு, அதாவது ஏறக்குறைய 19 மணி 30 நிமிடம். செலவை அப்படியே நிறுத்திவைத்து இரண்டு எல்லைகளையும் இதேபோலத் திருப்பினால், 15,000 என்பது சுமார் 37 மணி நேரமாகிறது, 1,46,000 என்பது 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகிறது. 37க்கும் 4க்கும் நடுவே ஏறத்தாழ 20. மணிக்கணக்கில் பார்த்தால் இடைவெளி இரு பக்கமும் ஏறக்குறையச் சமம். பவுண்டுக்கு மாற்றியதும் அது ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. காரணம் எளிது: சிறிய எண்ணால் வகுக்கும்போது, அந்த எண் இன்னும் கொஞ்சம் சிறுத்தாலே விடை எகிறிவிடும். பயன் பூஜ்யத்தை நெருங்க நெருங்க, விகிதம் முடிவிலியை நோக்கி ஓடும்.

ஐ.சி.இ.ஆரை மட்டும் எழுதிவிட்டுச் செலவு வித்தியாசத்தையும் பயன் வித்தியாசத்தையும் தனித்தனியே தராத அறிக்கையை நம்ப முடியாததற்கு இதுதான் முதல் காரணம். 28,400 என்ற விடை, 28 பவுண்டு செலவில் எட்டரை மணி நேரம் கிடைத்தாலும் வரும். 28,400 பவுண்டு செலவில் ஓராண்டு கிடைத்தாலும் வரும். முன்னதில் பயனே சந்தேகத்துக்குரியதாக இருக்கலாம். பின்னதில் ஒரு நாட்டின் பட்ஜெட்டே ஆட்டம் காணலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் வில்லங்கமானது. விகிதம் எதிர்மறையாக வந்தால் அதற்குப் பொருளே இல்லாமல் போகும். ஒரு திட்டம் செலவைக் குறைத்து ஆயுளைக் கூட்டினாலும் விடை கழித்தல் குறியோடு வரும். செலவைக் கூட்டி ஆயுளைக் குறைத்தாலும் அதே கழித்தல் குறிதான். ஒன்றை உடனே தொடங்க வேண்டும், மற்றதை உடனே நிறுத்த வேண்டும், எண்ணோ இரண்டுக்கும் ஒன்று. அதனால்தான் இத்துறையினர் விகிதத்தை எழுதுவதற்கு முன் ஒரு வரைபடம் போடுகிறார்கள். கிடை அச்சில் பயன் வித்தியாசம், செங்குத்து அச்சில் செலவு வித்தியாசம், நடுவே பூஜ்யம், ஆக நான்கு கால்பகுதிகள். ஆய்வில் இருந்தவர்களின் தரவுகளிலிருந்து கம்ப்யூட்டர் மீண்டும் மீண்டும் ஆட்களைத் தற்செயலாகப் பொறுக்கி, எடுத்தவரையே திரும்ப எடுக்கவும் அனுமதித்து, ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைக்கும். பூட்ஸ்ட்ராப் என்று பெயர். ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரு கூட்டமாகத் திரளும். அந்தக் கூட்டம் முழுவதும் வலது மேல் கால்பகுதிக்குள் அடங்கினால் விகிதத்தின் இடைவெளியைத் தயங்காமல் எழுதலாம். செங்குத்து அச்சைத் தாண்டி இடப்பக்கம் வழிந்தால், அதாவது பயனே இல்லாமல் போகும் வாய்ப்பும் கணிசமாக இருந்தால், விகிதத்துக்கு வழக்கமான இடைவெளி எழுதுவது படிப்பவரைத் தவறான திசையில் அனுப்பும். அப்போது வரைபடத்தையே காட்டுவதுதான் நேர்மை.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப இன்னொரு வழியும் உண்டு. வகுத்தலையே விட்டுவிட்டுக் கழித்தலுக்கு மாறுவது. பிரிட்டனில் எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் 'நைஸ்' நிறுவனம், தரம் கணித்த ஓர் ஆயுள் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற எல்லையை நீண்டகாலம் வைத்திருந்தது. நலமாக வாழும் ஓராண்டை ஒன்று என்றும், நோயோடு வாழும் ஓராண்டை அதற்குக் குறைவாகவும் எண்ணுவது இந்த அளவு. குவாலி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மாஸ் குழுவின் நான்கு ஆண்டு முடிவு, குவாலி கணக்கில் சுமார் 36,000 பவுண்டு. அதாவது 63.39 பவுண்டுக்கு ஒருவருக்குக் கிடைத்தது 0.00176 குவாலி. ஒரு குவாலிக்கு 30,000 தரத் தயார் என்றால் அதன் மதிப்பு சுமார் 53 பவுண்டு. 63.39ஐக் கழித்தால் தலைக்குப் பத்தரைப் பவுண்டு நஷ்டம். இதுதான் நிகரப் பணப்பயன். இதற்கு வழக்கமான நம்பக இடைவெளி எழுதலாம், பூஜ்யத்தால் வகுக்கும் தொல்லை இல்லை. ஒரு குவாலிக்குத் தரத் தயாரான தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு தொகையிலும் புள்ளிக் கூட்டத்தில் எத்தனை சதவீதம் லாபப் பக்கம் இருக்கிறது என்று கோடு வரைந்தால், அதுவே ஏற்புநிலை வளைகோடு. முடிவெடுப்பவர் தன் எல்லை எதுவானாலும் அந்தக் கோட்டில் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

2002இல் இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால், ஸ்கேன் திட்டம் எல்லைக்கு வெளியே என்று கதை முடிந்திருக்கும். ஆனால் மாஸ் குழு இன்னொன்றையும் எழுதியது: பத்து ஆண்டுகளுக்குக் கணக்கை நீட்டினால், ஓர் ஆயுள் ஆண்டுக்கான விலை சுமார் 8,000 பவுண்டாகக் குறையும்.

28,400 எங்கே, 8,000 எங்கே! நோயும் ஸ்கேனும் ஆட்களும் மாறவில்லை. மாறியது கணக்குப் புத்தகத்தை எந்த ஆண்டில் மூடுகிறோம் என்பதுதான். ஸ்கேன் செலவும் அறுவைச் செலவும் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே வந்துவிடுகின்றன. திட்டமிட்ட அறுவையிலும் ஆபத்து உண்டு. மாஸ் ஆய்வில் அப்படி அறுவை செய்துகொண்டவர்களில் 6 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். வெடித்த பிறகு செய்த அவசர அறுவையில் அது 37 சதவீதம். ஆகவே இழப்புகள் முன்னதாகவே பதிவாகிவிடும், தப்பிய உயிர்கள் ஆண்டுக்கு ஆண்டு பின்னால் சேர்ந்துகொண்டே போகும். நான்காம் ஆண்டில் மூடினால் செலவு முழுவதும் உள்ளே, பயனில் பெரும்பகுதி வெளியே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 15,000 முதல் 1,46,000 வரை என்ற அந்தப் பரந்த இடைவெளிக்குள் 8,000 இல்லவே இல்லை. நம்பக இடைவெளி, இந்த அளவு ஆட்களை எடுத்ததால் வரும் தற்செயல் ஊசலாட்டத்தை மட்டுமே அளக்கிறது. காலவரம்பு, பிற்கால வெடிப்பு விகிதம், வருங்காலச் செலவையும் பயனையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் போன்ற தேர்வுகளிலிருந்து வரும் நிச்சயமின்மையை அது தொடுவதே இல்லை. அந்தத் தேர்வுகள் ஒவ்வொன்றையும் மாற்றிப்போட்டு விடை எப்படி நகர்கிறது என்று காட்டுவது தனி வேலை. இதை உணர்திறன் பகுப்பாய்வு என்கிறார்கள். பொருளாதார மதிப்பீடுகளை எழுதும் முறைக்கான 'சியர்ஸ்' என்ற சர்வதேச வழிகாட்டி 2013இல் வந்து 2022இல் புதுப்பிக்கப்பட்டது. காலவரம்பு, கழிவு விகிதம், யாருடைய பார்வையில் செலவு கணக்கிடப்பட்டது, நிச்சயமின்மை எப்படி ஆராயப்பட்டது என்பதையெல்லாம் வெளிப்படையாக எழுதச் சொல்கிறது அது. சம்பிரதாயத்துக்காகக் கேட்கும் தகவல்கள் அல்ல அவை. அவற்றில் ஒன்று மாறினாலே முடிவு தலைகீழாகிவிடும்.

பத்து ஆண்டுகள் உண்மையிலேயே கடந்தன. 2009இல் மாஸ் குழு, மாதிரிக் கணிப்பை விட்டு, நடந்ததையே எண்ணி வெளியிட்டது. வீக்கத்தால் இறந்தவர்கள் அழைக்கப்பட்ட பிரிவில் 155 பேர், மற்றப் பிரிவில் 296 பேர். ஓர் ஆயுள் ஆண்டுக்கு 7,600 பவுண்டு, நம்பக இடைவெளி 5,100 முதல் 13,000 வரை. 2002இல் கணித்த 8,000க்கு மிக அருகில். வகுக்கும் எண் பெரிதாகிப் பூஜ்யத்திலிருந்து விலகிவிட்டதால், இடைவெளியின் நீண்ட வாலும் சுருங்கிவிட்டது.

ஆனால் அதே 2009இல், அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், டென்மார்க்கிலிருந்து வேறொரு குழுவின் கட்டுரையும் வந்தது. அவர்கள் ஆட்களைப் பின்தொடரவில்லை. 65 வயது ஆண்கள் கொண்ட கற்பனைக் கூட்டம் ஒன்றைக் கம்ப்யூட்டர் மாதிரியில் வாழ்நாள் முழுவதும் ஓடவிட்டார்கள். விடை: ஒரு குவாலிக்கு 43,485 பவுண்டு. 30,000 எல்லையில் திட்டம் லாபமாக இருக்க வாய்ப்பு 30 சதவீதத்துக்கும் குறைவு. ஒவ்வொரு அனுமானமாக மாற்றிப் பார்த்தபோதும் விடை 32,640க்குக் கீழே இறங்கவில்லை, 66,001 வரை ஏறியது.

ஒரே நோய், ஒரே ஸ்கேன். ஒரு கட்டுரையின் மேல் எல்லை 13,000, மற்றதன் கீழ் எல்லை 32,640. ஒன்று ஆயுள் ஆண்டைக் கணக்கிட்டது, மற்றது குவாலியை. ஆனால் அந்த வித்தியாசம் மட்டும் இவ்வளவு பெரிய பிளவை விளக்காது. மாதிரிக்குள் ஊட்டிய அனுமானங்களில்தான் விடை இருக்கிறது. இரண்டு கட்டுரைகளும் தத்தம் அனுமானங்களையும் உள்ளீட்டு எண்களையும் எழுதியிருந்ததால்தான் பிறர் அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. இப்படிப்பட்ட மாதிரியைச் சோதிக்க நேரடியான வழி ஒன்று உண்டு. நடந்த ஆய்வின் காலத்துக்கு அதை ஓட்டி, இத்தனை இறப்பு, இத்தனை அவசர அறுவை என்று அது சொல்வது, ஆய்வில் எண்ணிய இறப்புகளோடும் அறுவைகளோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்தாவிட்டால் அதன் நம்பக இடைவெளி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் பயனில்லை.

இங்கிலாந்து 2009இலிருந்து படிப்படியாகத் திட்டத்தைத் தொடங்கி, 2013க்குள் நாடு முழுவதும் விரித்தது. ஆண்கள் 65 வயதை எட்டும்போது ஒருமுறை அழைப்பு வரும். அப்போது யாரும் முழுமையாக எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. மாஸ் ஆய்வில் ஸ்கேனுக்கு வந்தவர்களில் 4.9 சதவீதம் பேருக்கு வீக்கம் இருந்தது. புதிய திட்டத்தில் ஸ்கேன் எடுத்த முதல் ஏழு லட்சம் ஆண்களில் 1.34 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. வயது வித்தியாசம் ஒரு பகுதிக் காரணம். புகைப்பழக்கம் குறைந்தது இன்னொன்று. பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய 7,600 என்ற துல்லியமான எண், வேறொரு தலைமுறையின் எண்ணாகிவிட்டது.

2014இல் மீண்டும் கணக்குப் போட்டார்கள். குறைந்த பரவலிலும் ஒரு குவாலிக்குச் சுமார் 7,370 பவுண்டு வந்தது. நோய் அபூர்வமானால் பயன் குறையும், ஆனால் கூடவே அறுவைச் செலவும் குறையும் என்பதால் விகிதம் பெரிதாக எகிறவில்லை. அந்தக் கட்டுரையில் இன்னொரு எண்ணும் உண்டு. வீக்கத்தின் பரவல் 0.35 சதவீதத்துக்கு இறங்கும்வரை, ஒரு குவாலிக்கு 20,000 என்ற எல்லைக்குள் திட்டம் நிற்கும். முடிவு எப்போது மாறும் என்பதை முன்கூட்டியே சொல்வது வாசல்-எண் கணக்கு. திட்டத்தை நடத்துபவர் ஆண்டுதோறும் வரும் பரவல் விகிதத்தை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், புதிதாக ஆய்வு நடத்தத் தேவையில்லை. நிச்சயமின்மையை எழுதும் முறைகளில் படிப்பவருக்கு மிக அதிகம் கைகொடுப்பது இதுவே.

பெண்களுக்கும் இந்த ஸ்கேன் வேண்டுமா என்ற கேள்வி 2018இல் லான்செட் இதழில் வந்தது. பெண்களிடம் வீக்கம் குறைவு, ஆனால் இருந்தால் வெடிக்கும் ஆபத்து அதிகம், அறுவையிலும் அவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆண்களுக்கான அதே முறையைப் பெண்களுக்கு வைத்தால் ஒரு குவாலிக்கு 30,000 பவுண்டு, நம்பக இடைவெளி 12,000 முதல் 87,000 வரை. மைய எண் சரியாக எல்லையின் மேலேயே வந்து நிற்கிறது. ஆய்வாளர்கள் அந்தத் திட்டத்தைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் எந்த இரண்டு விஷயம் தெரியாததால் கணக்கு தெளிவாகவில்லை என்பதைக் குறிப்பிட்டார்கள்: பெண்களின் பெருந்தமனி விட்டம் எந்த அளவில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது, ஸ்கேனில் வீக்கம் இருப்பதாகத் தெரிந்துகொண்டு வாழும் கவலை அவர்களின் வாழ்க்கைத் தரத்தை எவ்வளவு குறைக்கிறது என்பது. அடுத்து ஆய்வுப் பணம் செலவழிக்க வேண்டியது அந்த இரண்டையும் அளக்கத்தான்.